லாபத்தைப் போல மூன்று மடங்கு டிவிடெண்ட்: ஒரு நிறுவனத்தின் காப்புகள் கரைந்த கதை

2022-23 நிதியாண்டில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் சம்பாதித்த நிகர லாபம் ஏறத்தாழ 10,500 கோடி ரூபாய். அதே ஆண்டில் பங்குதாரர்களுக்கு அது அறிவித்த டிவிடெண்ட் 31,901 கோடி. சம்பாதித்ததைப் போல மூன்று மடங்கு. இதில் சட்டமீறல் எதுவும் இல்லை, கணக்கில் ஒளித்து மறைத்த வேலையும் இல்லை. எல்லாம் ஆண்டறிக்கையில் அச்சாகியிருக்கிறது. அப்படியானால் மீதி 21,400 கோடி எங்கிருந்து வந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் போனால், பேலன்ஸ் ஷீட்டில் பங்கு மூலதனம், காப்புகள், தக்கவைத்த லாபம் என்று வரும் வரிகள் உண்மையில் என்ன வேலை செய்கின்றன என்பது பிடிபட்டுவிடும்.

உதய்ப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட துத்தநாக நிறுவனம் இது. 1966-ல் அரசு நிறுவனமாகத் தொடங்கியது. 2002-ல் ஸ்டெர்லைட் குழுமத்தின் கைக்குப் போனது. தூத்துக்குடி தாமிர ஆலையை நடத்திய அதே குழுமம்தான், இன்றைய வேதாந்தா. 2022-23ல் வேதாந்தாவிடம் ஏறத்தாழ 65 விழுக்காடு பங்கும் மத்திய அரசிடம் ஏறத்தாழ 30 விழுக்காடு பங்கும் இருந்தன. மீதிதான் நம்மைப் போன்றவர்களிடம்.

முதலில் பங்கு மூலதனம். இந்த நிறுவனத்தின் பங்குகள் மொத்தம் 422.53 கோடி. ஒவ்வொன்றின் முகமதிப்பு 2 ரூபாய். பெருக்கினால் 845 கோடி. இவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு மூலதனம் இவ்வளவுதானா என்று தோன்றும். பங்கு மூலதனம் என்பது நிறுவனம் வெளியிட்ட பங்குகளின் முகமதிப்புக் கூட்டுத்தொகை. நிறுவனத்தின் இன்றைய மதிப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. சந்தையில் அந்தப் பங்கு 300 ரூபாய்க்குக் கைமாறினாலும் 600 ரூபாய்க்குக் கைமாறினாலும் இந்த 845 கோடி அசையாது. பங்கை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் போகும் பணம் நிறுவனத்தின் கணக்குக்குள் வருவதே இல்லை.

ஒரு நிறுவனம் புதிதாகப் பங்கு வெளியிடும்போது 10 ரூபாய் முகமதிப்புள்ள பங்கை 500 ரூபாய்க்கு விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 ரூபாய் பங்கு மூலதனத்தில் சேரும். 490 ரூபாய் செக்யூரிட்டீஸ் பிரீமியம் என்ற தனிக் கணக்கில் சேரும். இரண்டுமே பங்குதாரர்கள் கொண்டுவந்து போட்ட பணம். தொழிலில் சம்பாதித்தது இல்லை. அதனால் இரண்டிலிருந்துமே டிவிடெண்ட் கொடுக்க முடியாது. பிரீமியத்தை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று 2013 கம்பெனிகள் சட்டத்தின் 52-வது பிரிவு பட்டியல் போட்டிருக்கிறது: போனஸ் பங்கு கொடுப்பது, பங்கு வெளியீட்டுச் செலவைக் கழிப்பது, பங்கைத் திரும்ப வாங்குவது போன்ற சில காரியங்கள். டிவிடெண்ட் அந்தப் பட்டியலில் இல்லை.

ஏன் இந்தத் தடை என்றால், கடன் கொடுத்தவர்களுக்காக. வரையறுக்கப்பட்ட பொறுப்பு உள்ள நிறுவனத்தில் பங்குதாரரின் சொந்த வீட்டையோ நகையையோ கடன்காரர் தொட முடியாது. அவர் நம்பியிருப்பது நிறுவனத்துக்குள் இருக்கும் பணத்தை மட்டுமே. போட்ட மூலதனத்தையே பங்குதாரர்கள் டிவிடெண்ட் என்ற பெயரில் எடுத்துக்கொண்டு போனால் கடன்காரருக்கு மிஞ்சுவது காலிப் பெட்டி. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்து நீதிமன்றங்கள் இதை உறுதியாகச் சொல்லிவிட்டன. 1882-ல் தீர்ப்பான ஃபிளிட்கிராஃப்ட் வழக்கில், வங்கி ஒன்றின் இயக்குநர்கள் வாராக் கடன்களை நல்ல கடன் போலக் காட்டி, இல்லாத லாபத்திலிருந்து டிவிடெண்ட் கொடுத்திருந்தார்கள். அந்தத் தொகையை அவர்களே திருப்பிக் கட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. நம் சட்டத்துக்கும் வேர் அங்கேதான்.

சரி, சம்பாதித்த லாபத்துக்கு வருவோம். ஆண்டு முடிவில் வரி போக நிற்கும் லாபம், மூலதனமும் காப்புகளும் சேர்ந்த பங்குதாரர் நிதியில் தக்கவைத்த லாபம் என்ற வரியில் போய்ச் சேர்கிறது. பழைய ஆண்டறிக்கைகளில் இதை லாப நட்டக் கணக்கின் உபரி என்று எழுதியிருப்பார்கள். நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து சம்பாதித்து, டிவிடெண்டாகக் கொடுக்காமலும் வேறு காப்புக்கு மாற்றாமலும் விட்டுவைத்த தொகை அது. நட்டம் வந்தாலும் இதில்தான் கழியும். இந்த வரி கழித்தல் குறிக்குள் போயிருந்தால், முன்பு வந்த நட்டத்தை இந்த ஆண்டு லாபத்தில் ஈடுகட்டிய பிறகே டிவிடெண்ட் பேச்சை எடுக்க வேண்டும். பழைய நட்டம் 5 கோடி, இந்த ஆண்டு லாபம் 8 கோடி என்றால் கையில் இருப்பதாகக் கணக்கு 3 கோடிதான்.

இதற்குப் பக்கத்தில் பொதுக் காப்பு, அதாவது ஜெனரல் ரிசர்வ் என்று இன்னொரு வரி இருக்கும். இதுவும் சம்பாதித்த லாபமே. ஒரு காலத்தில் லாபத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்து இந்தப் பெயரில் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். பழைய நிறுவனங்களில் இது பெரிதாக இருப்பதற்குக் காரணம் பழைய சட்டம். 1956 கம்பெனிகள் சட்டத்தின்கீழ் 1975-ல் வந்த விதிகளின்படி, செலுத்தப்பட்ட மூலதனத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் டிவிடெண்ட் கொடுக்க நினைக்கும் நிறுவனம் அந்த ஆண்டு லாபத்தில் ஒரு பங்கைக் காப்புக்கு மாற்றியே ஆக வேண்டும். டிவிடெண்ட் கூடக் கூட அந்தப் பங்கும் கூடும். 20 விழுக்காட்டைத் தாண்டினால் லாபத்தில் பத்தில் ஒரு பங்கு. இந்த விழுக்காடு முகமதிப்பின்மேல் கணக்கிடப்படுவதால் 2 ரூபாய்ப் பங்குக்கு 40 காசைத் தாண்டினாலே உச்ச வரம்பு வந்துவிடும். நல்ல லாபம் பார்த்த நிறுவனங்கள் எல்லாம் வருடா வருடம் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கிக்கொண்டே வந்தன. 2013 சட்டம் இந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. இப்போது எவ்வளவு மாற்றுவது, மாற்றுவதா வேண்டாமா என்பது நிறுவனத்தின் விருப்பம். ஆனால் அதற்கு முன்பு சேர்ந்தது அப்படியே நிற்கிறது. ஹிந்துஸ்தான் ஜிங்கில் அப்படி நின்ற பொதுக் காப்பு 10,383 கோடி.

இரண்டுமே சம்பாதித்த லாபம்தான் என்றால் எந்தப் பெட்டியில் இருந்தால் என்ன என்று கேட்கலாம். எடுக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். இந்த ஆண்டு லாபத்திலிருந்தும், முந்தைய ஆண்டுகளில் கொடுக்காமல் தக்கவைத்த லாபத்திலிருந்தும் டிவிடெண்ட் கொடுக்க 2013 சட்டத்தின் 123-வது பிரிவு அளவு வரம்பு எதுவும் வைக்கவில்லை. ஆனால் லாபம் போதாத ஆண்டில், முன்பு காப்புக்கு மாற்றிவிட்ட லாபத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றால் 2014 டிவிடெண்ட் விதிகளில் மூன்றாவது விதி குறுக்கே வரும். டிவிடெண்ட் விகிதம் முந்தைய மூன்று ஆண்டு சராசரியைத் தாண்டக் கூடாது. எடுக்கும் தொகை, மூலதனமும் டிவிடெண்டுக்குத் தகுதியுள்ள சுதந்திரக் காப்புகளும் சேர்ந்த தொகையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. எடுத்ததில் அந்த ஆண்டின் நட்டத்தை முதலில் ஈடுகட்ட வேண்டும். எடுத்த பிறகு மிஞ்சும் காப்பு, மூலதனத்தில் 15 விழுக்காட்டுக்குக் கீழே போகக் கூடாது. ஆக, தக்கவைத்த லாபம் திறந்த கதவு, பொதுக் காப்பு பூட்டிய கதவு. சாவி உண்டு, ஆனால் கொஞ்சம்தான் திறக்கும்.

இப்போது ஹிந்துஸ்தான் ஜிங்கின் எண்களை வைத்துப் பார்க்கலாம். 2022 மார்ச் கடைசியில் பங்குதாரர் நிதி மொத்தம் 34,281 கோடி. அதில் மூலதனம் 845 கோடி, பொதுக் காப்பு 10,383 கோடி. இரண்டையும் கழித்தால் மீதி 23,050 கோடிக்குக் கிட்ட. சில்லறை வகைகளை விட்டுவிட்டால் அதுதான் தக்கவைத்த லாபம். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் வந்த லாபம் ஏறத்தாழ 10,500 கோடி. ஆகத் திறந்த கதவுக்குப் பின்னால் இருந்தது 33,550 கோடி. அறிவித்த டிவிடெண்ட் 31,901 கோடி.

2022 ஜூலையில் பங்குக்கு 21 ரூபாய், நவம்பரில் 15.50, 2023 ஜனவரியில் 13, மார்ச்சில் 26. நான்கும் ஆண்டு முடியும் முன்பே இயக்குநர் குழு அறிவிக்கும் இடைக்கால டிவிடெண்ட், கூட்டினால் 75.50. முகமதிப்பின்மேல் சொன்னால் 3,775 விழுக்காடு! 2023 மார்ச் கடைசியில் பங்குதாரர் நிதி 12,932 கோடியாக இறங்கியிருந்தது. மூலதனம் அதே 845. பொதுக் காப்பு அதே 10,383. தக்கவைத்த லாபம் மட்டும் 23,000 சொச்சத்திலிருந்து ஏறத்தாழ 1,700 கோடிக்கு வந்துவிட்டது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது தொகையின் பிரம்மாண்டத்தைவிட அது போய் நின்ற இடம். திறந்த கதவுக்குப் பின்னால் இருந்ததை ஏறக்குறைய முழுவதும் எடுத்துவிட்டு, பூட்டிய கதவுக்கு ஓரடி முன்னால் போய் நின்றிருக்கிறார்கள்.

பூட்டு எவ்வளவு திறக்கும் என்பதையும் போட்டுப் பார்க்கலாம். தக்கவைத்த லாபம் முழுவதும் தீர்ந்து, லாபமும் இல்லாத ஓர் ஆண்டு என்று கற்பனை செய்துகொள்வோம். மூலதனமும் பொதுக் காப்பும் சேர்ந்து 11,228 கோடி. அதில் பத்தில் ஒரு பங்கு ஏறத்தாழ 1,123 கோடி. பங்குக்குக் கணக்கிட்டால் 2 ரூபாய் 65 காசு. காப்பில் பத்தாயிரம் கோடிக்கு மேல் கிடந்தும் அந்த ஆண்டுக்கு அவ்வளவுதான். இதனால்தான் இந்தக் காப்பு முழுவதையும் தக்கவைத்த லாபத்துக்கு மாற்றிக்கொள்ள, தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் ஒப்புதல் தேவைப்படும் ஒரு திட்டத்தை நிறுவனம் முன்வைத்தது. ஹிந்துஸ்தான் யூனிலீவரும் இதற்கு முன்பே இதே வழியில் போன நிறுவனம். அங்கே தொகை 2,187 கோடி. பேலன்ஸ் ஷீட்டில் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்கு எண்ணை நகர்த்துவதற்குத் தீர்ப்பாயம் வரை போக வேண்டுமா என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றலாம். நகர்த்திய அடுத்த நாளே அந்தத் தொகைக்கு வரம்பு போய்விடுகிறது என்பதால் கடன்காரர்களும் பங்குதாரர்களும் கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயம்தான் அது.

டிவிடெண்ட் கணக்கில் எப்படி ஏறுகிறது என்பதையும் கிட்டத்தில் பார்த்துவிடலாம். இயக்குநர் குழு இடைக்கால டிவிடெண்ட் அறிவித்ததும் தக்கவைத்த லாபத்தில் பற்று எழுதி, கொடுபட வேண்டிய டிவிடெண்ட் என்ற கணக்கில் வரவு வைப்பார்கள். அறிவித்த ஐந்து நாளுக்குள் தொகையைத் தனி வங்கிக் கணக்கில் போட்டாக வேண்டும். முப்பது நாளுக்குள் பங்குதாரருக்குப் போய்ச் சேர வேண்டும். போய்ச் சேர்ந்ததும் கொடுபட வேண்டியதில் பற்று, வங்கியில் வரவு. இந்த இரண்டு பதிவிலும் லாப நட்டக் கணக்கு வரவே இல்லை என்பதைக் கவனியுங்கள். டிவிடெண்ட் செலவு கிடையாது. 75.50 ரூபாய் கொடுத்த ஆண்டிலும் ஹிந்துஸ்தான் ஜிங்கின் லாபம் டிவிடெண்டால் ஒரு பைசாகூடக் குறையவில்லை. லாபத்தை மட்டும் பார்த்து வருகிறவர் கண்ணில் இது படவே படாது. பங்குதாரர் நிதி மாற்ற அறிக்கை என்று ஆண்டறிக்கையில் ஒரு பக்கம் வரும். ஒவ்வொரு பெட்டியிலும் தொடக்க இருப்பு, சேர்ந்தது, கழிந்தது, இறுதி இருப்பு என்று நிரல் நிரலாக இருக்கும். அங்கேதான் இது தெரியும்.

இறுதி டிவிடெண்ட் கொஞ்சம் வேறு மாதிரி. மார்ச்சில் ஆண்டு முடிகிறது, மே மாதம் இயக்குநர் குழு பரிந்துரைக்கிறது, ஆகஸ்டில் பொதுக்குழு ஒப்புக்கொள்கிறது என்றால், ஆகஸ்டில்தான் அது கடன்பாடு ஆகிறது. மார்ச் பேலன்ஸ் ஷீட்டில் கழிக்க மாட்டார்கள். குறிப்பில் மட்டும் சொல்வார்கள். முன்பெல்லாம் மார்ச் கணக்கிலேயே கழித்துவிடுவது வழக்கம். பழைய ஆண்டறிக்கையையும் புதியதையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறவர்கள் இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வரியிலும் ஒரு மாற்றம் உண்டு. 2020 ஏப்ரலுக்கு முன்பு டிவிடெண்ட் பகிர்வு வரியை நிறுவனமே கட்டியது. இதே நிறுவனம் 2016-ல் பொன்விழா டிவிடெண்டாகப் பங்குக்கு 24 ரூபாய் கொடுத்தபோது பங்குதாரர் கைக்குப் போனது ஏறத்தாழ 10,140 கோடி. வரியும் சேர்த்து வெளியே போனது 12,205 கோடி. அந்த இரண்டாயிரம் கோடிச் சொச்சமும் தக்கவைத்த லாபத்திலிருந்துதான் கழிந்தது. இப்போது வரி, டிவிடெண்ட் வாங்குகிறவர் தலையில்.

இவ்வளவு நேரம் பேசியது உரிமையைப் பற்றி. எவ்வளவு கொடுக்கச் சட்டம் விடுகிறது என்பது ஒன்று, கொடுக்கக் கையில் பணம் இருக்கிறதா என்பது இன்னொன்று. தக்கவைத்த லாபம் 23,000 கோடி என்றால் வங்கியில் 23,000 கோடி இருக்கிறது என்று அர்த்தமில்லை. அது பேலன்ஸ் ஷீட்டின் ஒரு பக்கத்தில் இருக்கும் எண். எதிர்ப்பக்கத்தில் அது சுரங்கமாக, உருக்காலையாக, கிடங்கில் கிடக்கும் துத்தநாகக் கட்டியாக, வாடிக்கையாளர் தர வேண்டிய பாக்கியாக மாறி உட்கார்ந்திருக்கும். ஹிந்துஸ்தான் ஜிங்கிடம் 2022 மார்ச்சில் ரொக்கமும் நிதி முதலீடுகளுமாக 20,000 கோடிக்கு மேல் இருந்தது உண்மை. ஓராண்டு கழித்து அது ஏறத்தாழ 10,000 கோடி. அதே ஓராண்டில் கடன் ஏறத்தாழ 2,800 கோடியிலிருந்து 11,800 கோடிக்கு ஏறியது. கடனைக் கழித்துப் பார்த்தால் உபரிப் பணம் வைத்திருந்த நிறுவனம், கடன்பட்ட நிறுவனமாக ஆண்டை முடித்தது. இதை இப்படியும் படிக்கலாம்: டிவிடெண்டில் மூன்றில் ஒரு பங்கு அந்த ஆண்டின் லாபம்; மூன்றில் இரண்டு பங்கு முந்தைய ஆண்டுகளின் லாபம், அதைப் பணமாக்கச் சேமிப்பும் கடனும் தேவைப்பட்டன.

இது நல்லதா கெட்டதா என்றால், யார் இடத்தில் நின்று பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. அரசுக்கு 9,400 கோடிக்குக் கிட்ட வந்தது. வேதாந்தாவுக்கு ஏறத்தாழ 20,700 கோடி போனது. அந்தச் சமயம் லண்டனில் இருக்கும் அதன் தாய் நிறுவனத்துக்குக் கடன் தவணைகள் நெருக்கிக்கொண்டிருந்தன. சும்மா கிடக்கும் ரொக்கத்தை உரியவர்களிடம் கொடுப்பதில் தப்பே இல்லை. ஆனால் கடன் வாங்கி டிவிடெண்ட் கொடுக்கும் அளவுக்குப் போகும்போது, முடிவு சிறு பங்குதாரருக்காக எடுக்கப்பட்டதா பெரும்பங்கு வைத்திருப்பவரின் தேவைக்காக எடுக்கப்பட்டதா என்று கேட்பது நியாயம் என்றே நினைக்கிறேன். துத்தநாக விலை சரியும் ஆண்டில் தாங்கிப்பிடிக்க இருந்த மெத்தை மெலிந்துவிட்டது என்பதை மறுக்க முடியாது.

படிக்கும்போது வழக்கமாகக் கால் வழுக்கும் இடங்கள் இரண்டு. துணை நிறுவனங்கள் உள்ள குழுமங்கள் தனிக் கணக்கு, ஒருங்கிணைந்த கணக்கு என்று இரண்டு வெளியிடும். டிவிடெண்டுக்குத் தகுதி பார்ப்பது தனிக் கணக்கை வைத்து. ஒருங்கிணைந்த கணக்கில் லாபம் கொழிக்கலாம். துணை நிறுவனம் அந்த லாபத்தை மேலே அனுப்பாதவரை தாய் நிறுவனத்தின் தக்கவைத்த லாபத்தில் அது சேராது. இன்னொன்று, காப்பு என்று பெயர் வைத்ததெல்லாம் பகிரத்தக்கது இல்லை. நிலத்தை மறுமதிப்பீடு செய்து ஏற்றிய தொகை, முதலீட்டின் சந்தை விலை ஏறியதால் வந்த காகித ஆதாயம், பங்கைத் திரும்ப வாங்கியபோது கட்டாயமாக உருவான மூலதன மீட்புக் காப்பு இவற்றிலிருந்தெல்லாம் டிவிடெண்ட் எடுக்க முடியாது. மொத்தக் காப்பைப் பங்கு எண்ணிக்கையால் வகுத்து, இவ்வளவு வரும் என்று யாராவது சொன்னால், முதலில் அந்தக் காப்பைப் பிரித்துக் காட்டும் குறிப்பைத் திறந்து பாருங்கள்.

போனஸ் பங்கை டிவிடெண்டோடு குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. போனஸில் ஒரு பைசாகூட வெளியே போவதில்லை. காப்பிலிருந்து எண் குறைந்து பங்கு மூலதனத்தில் ஏறுகிறது, மொத்தம் மாறாது. ஏறியது இனி டிவிடெண்டாக இறங்காது என்பதுதான் அதன் உண்மையான விளைவு.

அடுத்த ஆண்டுகளில் ஹிந்துஸ்தான் ஜிங்க் என்ன செய்தது என்பதில் இந்தக் கணக்கின் பிடி தெரிகிறது. 2023-24ல் பங்குக்கு 13 ரூபாய்தான்; ஏறத்தாழ 5,500 கோடி. லாபம் அதைவிடக் கூடுதலாக, 7,700 கோடிக்கு மேல் இருந்ததால் தக்கவைத்த லாபம் கொஞ்சம் மேலேறியது. 2024-25ல் பங்குக்கு 29 ரூபாய், 12,250 கோடி. அந்த ஆண்டு லாபம் 10,300 கோடியைத் தாண்டியும் டிவிடெண்டுக்குப் போதவில்லை. முந்தைய ஆண்டு சேர்த்ததில் பெரும்பகுதி மறுபடியும் இறங்கியது. பொதுக் காப்பைத் தொடாமல் கணக்கிட்டால் 2025 மார்ச் கடைசியில் கையில் நின்றது மறுபடியும் இரண்டாயிரம் கோடிச் சொச்சம்தான். இந்த நிலையில் அந்தந்த ஆண்டு சம்பாதிப்பதோடு இந்தச் சொச்சத்தைச் சேர்த்தால் வருவதே டிவிடெண்டின் உச்ச வரம்பு. 75.50 ரூபாய் கொடுத்த ஆண்டைக் கண்ணில் வைத்துக்கொண்டு இந்தப் பங்கை வாங்குகிறவர், அந்த ஆண்டைத் தாங்கிய 23,000 கோடி இப்போது அங்கே இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.